'எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை' என்று போட்ட பாக்கெட்டில் குளூட்டமேட் இருக்கலாம்: லேபிள் படிப்பதில் நடக்கும் தவறுகள்

பாக்கெட்டின் முன்பக்கம் 'எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை' என்று இருந்தால் ருசியைக் கூட்டும் குளூட்டமேட்டே உள்ளே கிடையாது என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. அந்த வரி சொல்வது ஒன்றுதான்: மோனோசோடியம் குளூட்டமேட் என்ற பொருளைத் தனியாக வாங்கி மசாலாவில் கலக்கவில்லை. குளூட்டமேட் வேறு பொருட்களோடு சேர்ந்து உள்ளே வந்ததா என்பதற்கு அதில் பதில் இல்லை.

பலரும் பாக்கெட்டைத் திருப்பி, எம்.எஸ்.ஜி.யின் குறியீடான 621 என்ற எண்ணைத் தேடிவிட்டு, அது இல்லையென்றால் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது போதாது. ஒரு சிப்ஸ் பாக்கெட்டில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: உருளைக்கிழங்கு, எண்ணெய், மசாலா (உப்பு, சர்க்கரை, ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன், தக்காளிப் பொடி, வெங்காயப் பொடி, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், 627, 631). இதில் 621 இல்லை, ஆனால் குளூட்டமேட் மூன்று வழியாக வந்திருக்கிறது.

ஹைட்ரோலைஸ்டு புரோட்டீனைப் பாருங்கள். கோதுமை, சோயா, மக்காச்சோளம் மாதிரி ஒன்றின் புரதத்தைப் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கி அமினோ அமிலங்களாக உடைக்கிறார்கள். புரதத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் குளூட்டமேட்டுக்கு நாக்கில் ருசி கிடையாது, உடைந்து தனியாக வந்தால்தான் உமாமி என்று சொல்லும் அந்த ஆழமான ருசி. அப்புறம் அமிலத்தைச் சமப்படுத்த சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ப்பார்கள். அமிலமும் அதுவும் சேர்ந்து உப்பாகிறது, உடைந்து வந்த குளூட்டமிக் அமிலம் சோடியத்தோடு சேர்ந்து மோனோசோடியம் குளூட்டமேட்டாகவே ஆகிவிடுகிறது. அதாவது பெயர் வேறு, பொருள் அதே. ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டில் வெளியிலிருந்து அமிலம் தேவையில்லை, ஈஸ்ட்டின் சொந்த நொதிகளே அதன் புரதத்தை உடைத்துவிடும். தக்காளிப் பொடியில் உடைக்கவே வேண்டாம்: பழுத்த தக்காளியில் 100 கிராமுக்குச் சுமார் 200 மில்லிகிராம் குளூட்டமேட் ஏற்கெனவே தனியாக இருக்கிறது, தண்ணீர் போய் 2 கிலோ தக்காளி 100 கிராம் பொடியானால் கணக்குப்படி அதில் 4 கிராம் வரை வரும், காயவைக்கும்போது கொஞ்சம் குறையலாம்.

627, 631 இரண்டும் குளூட்டமேட் அல்ல. ஆனால் குளூட்டமேட்டோடு சேர்ந்தால் அதன் ருசியைப் பல மடங்கு தூக்கிக் காட்டும், தனியாகப் போட்டால் பெரிதாக எதுவும் தெரியாது. அதனால் 621 இல்லாமல் இவை மட்டும் இருந்தால், குளூட்டமேட் வேறு எதிலிருந்து வருகிறது என்று அந்தப் பட்டியலிலேயே தேடுங்கள்.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இயல்பாகவே எம்.எஸ்.ஜி. உள்ள பொருட்களைச் சேர்த்துவிட்டு இப்படி ஒரு வரியைப் பாக்கெட்டில் போடக் கூடாது என்கிறது. எல்லா நாட்டிலும் விதி ஒரே மாதிரி இல்லை, அதனால் வரியை நம்பாமல் பட்டியலைப் படிப்பதே நல்லது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அது எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது. ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் என்ற பெயரைப் பார்த்ததும் 'விஷத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள்' என்று பயப்படுவது. தக்காளியிலிருந்து வந்த குளூட்டமேட்டையும் ஆலையிலிருந்து வந்ததையும் உடம்பு பிரித்துப் பார்க்காது, இரண்டும் ஒரே மூலக்கூறு. அளவையும் போட்டுப் பார்க்கலாம். 30 கிராம் பாக்கெட்டில் மசாலா ஏறக்குறைய 2 கிராம் என்று வையுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு ஹைட்ரோலைஸ்டு புரோட்டீன், அதாவது 200 மில்லிகிராம். அதில் 15 சதவீதம் குளூட்டமேட் என்றாலும் 30 மில்லிகிராம்தான். அதே 200 மில்லிகிராமுக்கு நேரடியாக எம்.எஸ்.ஜி. போட்டிருந்தால் சுமார் 155 வந்திருக்கும். சிலருக்குத் தலைவலி, உடல் சூடு மாதிரி தற்காலிகத் தொந்தரவுகள் பதிவானது 3 கிராமோ அதற்கு மேலோ எம்.எஸ்.ஜி.யை உணவில்லாமல் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது. ஆனால் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கவனித்துத் தவிர்ப்பவர், 621-ஐ மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் சாப்பிட்டால் அவருடைய சோதனையே தப்பாகிவிடும்.

ரத்த அழுத்தம் இருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று பாக்கி. எம்.எஸ்.ஜி. இல்லை என்றால் சோடியம் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். எம்.எஸ்.ஜி.யில் சோடியம் சுமார் 12 சதவீதம், சாதா உப்பில் 39. எம்.எஸ்.ஜி.யை எடுத்துவிட்டு ருசிக்காக உப்பையும், உப்பு கலந்தே வரும் ஹைட்ரோலைஸ்டு புரோட்டீனையும் கூட்டினால் சோடியம் ஏறவும் செய்யலாம். அவர்கள் முன்பக்கத்தை விட்டுவிட்டு ஊட்டச்சத்து அட்டவணையில் சோடியம் வரியைப் பார்க்க வேண்டும், அந்த எண் 100 கிராமுக்கா ஒரு பாக்கெட்டுக்கா என்பதையும் சேர்த்துத்தான்.