சர்டிபிகேட்டா, போர்ட்ஃபோலியோவா? ஆர்க்கிடெக்ட் ஆபீசுக்கு விண்ணப்பிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்துவிட்டு வந்தவன். இப்போது புதிதாக வரும் விண்ணப்பங்களை முதலில் பார்ப்பது என் வேலை. ஈரோடு, திருப்பூர், கோபி, பொள்ளாச்சி என்று கொங்குப் பக்கம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். நல்ல கை இருக்கிற பிள்ளைகள்கூட ஒரே மாதிரியான சில தவறுகளால் வெளியே நின்றுவிடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, எல்லா சர்டிபிகேட்டும் ஒன்று என்று நினைப்பது. ஐ.டி.ஐ. முடித்துத் தேர்வு எழுதி வாங்குவது தேசிய தொழிற் சான்றிதழ். காந்திபுரத்தில் மூன்று மாதம் ஆட்டோகேட், ஸ்கெட்ச்சப் படித்து வாங்குவது அந்தப் பயிற்சி மையம் தருகிற தாள். அதில் ‘டிப்ளமோ’ என்று அச்சடித்திருந்தாலும் பாலிடெக்னிக் டிப்ளமோ ஆகிவிடாது. அரசுத் துறை, ரயில்வே போன்ற இடங்களில் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு அறிவிப்பில் கேட்டிருக்கிற தகுதி கையில் இல்லையென்றால், எவ்வளவு அழகாக வரைந்தாலும் விண்ணப்பமே நிற்காது. அந்த வழியில் போக ஆசை இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே, சான்றிதழை யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். தனியார் ஆர்க்கிடெக்ட் ஆபீசில் கதை வேறு. எங்களுக்கு அந்தத் தாள், இந்தப் பிள்ளை அடிப்படை படித்திருக்கிறது என்பதற்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். வேலையை முடிவு செய்வது வரைபடம்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்டீரியர் டிசைனர் சான்றிதழ் வைத்துக்கொண்டு ரெஸ்யூமில் ‘ஜூனியர் ஆர்க்கிடெக்ட்’ என்று போடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்கள்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ‘இன்டீரியர் டிசைனர்’ என்ற பெயருக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லை. அதை நேராகவே எழுதுங்கள். தவறான பட்டத்தைப் பார்த்ததும் ஆர்க்கிடெக்ட் மீதிப் பக்கங்களைப் புரட்டுவதில்லை.

அடுத்தது, நான் அதிகம் பார்ப்பதும் என்னை அதிகம் வருத்துவதுமான தவறு. இருபது பக்கம் போர்ட்ஃபோலியோ, இருபதும் பளபளப்பான 3டி படங்கள். சோஃபா, தொங்கும் விளக்கு, ஜன்னலில் வெயில். பாதிப் படங்களில் ஒரே சோஃபாதான் இருக்கும், மையத்தில் எல்லோருக்கும் கொடுத்த அதே மாடல். எங்களுக்குத் தேவை சைட்டுக்குப் போகிற வரைபடம் போடத் தெரிந்த ஆள். மேஸ்திரி கையில் கொடுத்தால் மறுபடி போன் பண்ணாமல் வேலையைத் தொடங்க வேண்டும்.

அப்படி ஒரு வரைபடத்தை நான் எப்படிச் சரிபார்ப்பேன் என்று காட்டுகிறேன். முதலில் பார்ப்பது படிக்கட்டு. போன வருடம் கோபியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். இரண்டு மாடி வீடு, பிளான், செக்‌ஷன் எல்லாம் போட்டிருந்தான், கோடுகள் சுத்தமாக இருந்தன. செக்‌ஷனில் தரைக்குத் தரை உயரம் 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். ஒரு படியின் உயரம் 6 அங்குலம் என்று குறிப்பு. 126ஐ 6ஆல் வகுத்தால் 21 ஏற்றம் வேண்டும். பிளானில் எண்ணினேன், 18தான் இருந்தது. 18 ஏற்றம் 6 அங்குலம் வீதம் ஏறினால் 9 அடி. மேல் தளத்துக்கு இன்னும் ஒன்றரை அடி பாக்கி.

“தம்பி, மேல எப்படிப் போறது?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்ஸ்டிடியூட்ல குடுத்த பிளாக்குங்ண்ணா, அப்படியே வெச்சுட்டனுங்” என்றான். உண்மையைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

சரி, இதைத் திருத்தினால் என்ன ஆகும் என்று இருவரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். அவன் வைத்திருந்தது நடுவில் லேண்டிங்கில் திரும்பி ஏறுகிற படிக்கட்டு, பக்கத்துக்கு 9 ஏற்றம். கடைசி ஏற்றம் லேண்டிங்கிலேயே முடிந்துவிடுவதால், கால் வைக்கிற மிதி 8. ஒரு மிதி 10 அங்குலம் என்றால் 80 அங்குலம், அதாவது 6 அடி 8 அங்குலம். 3 அடி லேண்டிங் சேர்த்தால் 9 அடி 8 அங்குலம் நீளம். 21 ஏற்றம் என்றால் ஒரு பக்கம் 11, மறு பக்கம் 10. பெரிய பக்கத்துக்கு 10 மிதி வரும், 8 அடி 4 அங்குலம். லேண்டிங் சேர்த்து 11 அடி 4 அங்குலம். படிக்கட்டு 1 அடி 8 அங்குலம் நீள்கிறது. பக்கத்தில் 5 அடிக்கு இருந்த பூஜை அறை 3 அடி 4 அங்குலமாகச் சுருங்கிவிடும். வேண்டாமென்றால் 18 ஏற்றத்தையே வைத்து ஒவ்வொன்றையும் 7 அங்குலமாக்கலாம், கணக்கு சரியாக வரும், ஆனால் வீட்டில் முட்டி வலியோடு ஒரு அப்பத்தா இருந்தால் தினமும் கஷ்டம். இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் வீட்டுக்காரரிடம் முன்னாலேயே பேசியாக வேண்டும். பிளானில் பிடிபடாவிட்டால் இது சென்டரிங் அடிக்கிற அன்றுதான் தெரியும். அதற்குள் சுவர் எழும்பியிருக்கும்.

ரெண்டாவதாக நான் பார்ப்பது அளவு எண்கள். கேட் ஃபைலைத் திறந்து, எழுதியிருக்கிற அளவுக்குப் பக்கத்தில் `DIST` கொடுத்து அளப்பேன். எண்ணில் 12 அடி, உண்மையில் 11 அடி 9 அங்குலம் என்று வந்தால், கோட்டை நகர்த்தாமல் எண்ணை மட்டும் கையால் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த ஃபைலிலிருந்து வேறொருவர் அளவெடுத்து அலமாரி செய்தால் 3 அங்குலம் இடிக்கும்.

அப்புறம், அடுத்தவர் வேலையைத் தன் வேலையாகக் காட்டுவது. முன்பு வேலை பார்த்த ஆபீசின் வரைபடத்தை, டைட்டில் பிளாக்கை மட்டும் அழித்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள். கோவையில் ஆர்க்கிடெக்ட்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், வீட்டைப் பார்த்ததும் யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஆபீசில் அனுமதி கேளுங்கள். கொடுத்தால், “டாய்லெட் டீடெய்ல், ஜன்னல் அட்டவணை நான் போட்டது” என்று ஓரத்தில் எழுதுங்கள். அனுமதி கிடைக்கவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

வேலை அனுபவமே இல்லாதவர்கள் என்ன வைப்பது? உங்கள் ஊர் வீட்டையே அளந்து வரையுங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவரோடு இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்து எடுங்கள். 10க்கு 12 அறை மட்டமாக இருந்தால் மூலைக்கு மூலை 15 அடி 7½ அங்குலம் வர வேண்டும், இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் அப்படி இருக்காது. அந்த வித்தியாசத்தை மறைக்காமல் அப்படியே வரைந்து, அளவைக் குறித்து வைத்தால், டேப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை என்று எங்களுக்கு ஒரே தாளில் தெரிந்துவிடும்.

கோபித் தம்பி மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தான். ஆத்தா வீட்டுத் தொட்டிக்கட்டை அளந்து வரைந்திருந்தான். ஒரு அறையின் இரண்டு மூலைவிட்டங்களுக்கும் 4 அங்குலம் வித்தியாசம், கோணல் சுவரைக் கோணலாகவே போட்டிருந்தான். திண்ணைக்கு ஏறுகிற இரண்டு படிக்கும் தனித்தனி உயரம் எழுதியிருந்தான், ஒன்று 7 அங்குலம், இன்னொன்று 8½. அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குத்தான் ஐ.டி.ஐ. சான்றிதழின் ஜெராக்ஸைக் கேட்டு வாங்கி வைத்தோம்.