மாற்றுத்திறனாளிக்கு நேர்காணல் நடத்துவது எப்படி? கணக்கு உதவியாளர் பணியை வைத்து ஒரு செய்முறை

25 பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனம். கணக்கு உதவியாளர் பணிக்கு ஆறு பேரை அழைக்கிறீர்கள். அவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் வருபவர், இன்னொருவர் முழுப் பார்வையிழப்பு உள்ளவர். நேர்காணலுக்கு ஒரு வாரம் இருக்கிறது.

1. வேலையைப் பிரித்து எழுதுங்கள்

விளம்பரத்தில் "நன்றாக ஓடியாடி வேலை செய்பவர்" என்று போட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, அந்தப் பணியில் இருப்பவர் என்னென்ன செய்கிறார் என்று எழுதுங்கள்: பில் பதிவு, வங்கிக் கணக்கைச் சரிபார்த்தல், பாக்கி வைத்திருப்பவர்களுக்குப் போன் செய்தல், வாரம் ஒருமுறை வங்கிக்குப் போய் காசோலை போடுதல். கடைசி வேலையை வேறு யாராவது செய்ய முடியுமா என்று யோசியுங்கள். முடியுமென்றால் அதை வைத்து யாரையும் கழிக்கக் கூடாது. இந்தப் பட்டியலுக்கோ வேலை நேரத்துக்கோ சம்பந்தமில்லாத எதையும் நேர்காணலில் கேட்கவும் கூடாது.

2. அழைப்பில் ஒரு வரி சேருங்கள்

"நேர்காணலுக்கோ தேர்வுக்கோ ஏதேனும் ஏற்பாடு தேவைப்பட்டால் புதன்கிழமைக்குள் தெரிவிக்கவும்" என்ற வரி ஆறு பேருக்கும் போக வேண்டும். யாருக்கு என்ன தேவை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பார்வையில்லாதவர் என்றதும் பிரெய்ல் அச்சுக்கு அலைவார்கள். அவரோ திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் உள்ள கணினியைக் கேட்கக்கூடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இப்படிப்பட்ட ஏற்பாடுகளைப் பற்றிப் பேசுகிறது. 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும்.

3. டேப் எடுத்து இடத்தை அளங்கள்

வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் 15 செ.மீ. என்றால் மொத்த உயரம் 45 செ.மீ. சாய்தளத்துக்கு 1:12 என்பது கணக்கு, அதாவது 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம், ஆக 5.4 மீட்டர் நீளம் வேண்டும். ஒன்றரை மீட்டர் பலகையைச் சாய்த்து வைத்தால் நாற்காலி பின்னால் கவிழக்கூடும். நான்கு பேர் தூக்கி ஏற்றலாம் என்ற யோசனையும் வேண்டாம். அவர் கேட்காமல் நாற்காலியைத் தொடுவதே தவறு. படியில்லாத அறைக்கு நேர்காணலை மாற்றுங்கள். ஆறு பேருக்கும் அதே அறை.

கதவைத் திறந்து வைத்து, கதவின் விளிம்பிலிருந்து எதிர் நிலை வரை அளங்கள், 90 செ.மீ. இருக்க வேண்டும். அறையைச் சரிசெய்துவிட்டுக் கழிப்பறையை மறந்துவிடுவது வழக்கம். அதன் கதவு பெரும்பாலும் குறுகலாக இருக்கும். உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் தேவை. இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் அதற்கேற்பத் திட்டமிடுவார்.

4. தேர்வுத் தாளை முதலில் நீங்கள் சோதியுங்கள்

தடுமாற்றம் அதிகம் வருவது இங்கேதான். 30 நிமிட எக்செல் தேர்வு, வினாத்தாள் ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்று வைத்துக்கொள்வோம். திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், ஒரு வார்த்தையும் படிக்காது. சோதிக்க எளிய வழி: சுட்டியால் எழுத்தை இழுத்துத் தேர்வு செய்து பாருங்கள், தேர்வாகவில்லை என்றால் படம்தான். வினாவை எக்செல் கோப்பிலேயே தட்டச்சு செய்யுங்கள். இணைத்த கட்டங்களைப் பிரித்துவிடுங்கள். "மஞ்சள் நிறக் கட்டத்தை நிரப்பவும்" என்று எழுதாமல் "C12-ஐ நிரப்பவும்" என்று எழுதுங்கள். NVDA என்ற திரைவாசிப்பான் இலவசம். தேர்வுக் கணினியில் முந்தின நாளே நிறுவி, ஹெட்போனோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தன் மடிக்கணினியைக் கொண்டுவருவதாக அவர் சொன்னால் இன்னும் நல்லது, பழகிய குறுக்குவிசைகள் அதில் இருக்கும்.

கூடுதல் நேரத்துக்கு, அரசுத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் என்ற அளவு உண்டு. அதன்படி 30 நிமிடத் தேர்வுக்கு 10 நிமிடம் கூட்டலாம்.

5. கேள்விகள்

"பார்வை எப்படிப் போச்சு?", "தனியா வந்துடுவீங்களா?", "கல்யாணம் ஆனா சமாளிப்பீங்களா?" இவை மூன்றும் வேலையைப் பற்றிய கேள்விகள் அல்ல. இரண்டாவது கேள்விக்குப் பின்னால் இருக்கும் உண்மையான கவலை நேரத்துக்கு வருவதுதான். அப்படியானால் ஆறு பேரிடமும் இப்படிக் கேளுங்கள்: "வேலை 9.30-க்கு. மாதக் கடைசி மூன்று நாள் இரவு 8 வரை இருக்க வேண்டும். உங்களுக்குச் சரிவருமா?"

"பில்லில் உள்ள தொகையும் பதிவும் ஒத்துப்போகவில்லை என்றால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்ற கேள்விக்கு, பார்வையில்லாதவர் தன் முறையைச் சொல்வார். காகித பில்லை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிப் படிப்பதாகச் சொன்னால், எழுத்து மங்கலான பில்லை என்ன செய்வார் என்று தொடர்ந்து கேட்கலாம். அது வேலையைப் பற்றிய கேள்வி. "உங்களால் எப்படி முடியும்?" என்ற வியப்புக் குரல் மட்டும் வேண்டாம். உதவியாளர் உடன் வந்திருந்தாலும் கேள்வி விண்ணப்பதாரரிடமே போக வேண்டும்.

6. மதிப்பெண்

ஒவ்வொரு கேள்விக்கும் 5 மதிப்பெண் என்று வைத்து, குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிய பிறகே பேசுங்கள். முதலில் பேசினால் மூத்தவர் சொல்வதுதான் எல்லார் தாளிலும் ஏறும். கண்ணைப் பார்த்துப் பேசினாரா, கைகுலுக்கினாரா என்பதற்கு மதிப்பெண் இல்லை. பரிதாபப்பட்டுக் கூட்டிப் போடுவதும் தவறுதான், மூன்று மாதத்தில் அவருக்கே சங்கடமாக முடியும். "வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்களோ", "பாவம், கஷ்டப்படுவார்" என்று பேச்சு வந்தால், முதல் படியில் எழுதிய பட்டியலை மேசையில் வைத்து, இதில் எந்த வேலை தடைபடும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் குறிப்பை அடித்துவிடுங்கள்.