சாயம் ஒட்டியது, தேதி தள்ளியது: நான் எழுதிய கடிதம்

திருப்பூரில் எங்கள் பனியன் நிறுவனத்துக்கு வந்த ஆர்டர், 8,000 கருநீல டி-ஷர்ட்டுகள். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணி, ஈர உரசல் சோதனையில் தோற்றது. வெள்ளைத் துணியில் நீலம் அப்பியது. சோப்புக் கழுவல் போதாமல், நூலில் பிணையாத சாயம் தங்கிவிட்டிருந்தது.

வாங்குபவருக்கு எழுதிய கடிதத்தின் முதல் வரைவில் பட்டறையைக் குறை சொல்லியிருந்தேன். கிழித்துவிட்டேன். பட்டறையைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்தான். வாங்குபவருக்கு அதில் என்ன பங்கு?

புதிய கடிதத்தின் முதல் வரியிலேயே புதிய தேதியைச் சொன்னேன்: "சரக்கு 14 நாள் தாமதமாகும், மன்னியுங்கள்." அடுத்து காரணம், இரண்டே வரியில். சோதனை அறிக்கையையும் இணைத்தேன்.

பிறகு திட்டம். மறுகழுவலும் மறுசோதனையும் 4 நாள், நிற ஒப்புதல் 2 நாள், வெட்டு முதல் பேக்கிங் வரை 8 நாள். மறுகழுவலில் நிறம் சற்று வெளிறும். அதனால் அவரது ஒப்புதல் மீண்டும் தேவை. அந்த 2 நாளை மறைத்திருந்தால் புதிய தேதியும் பொய்த்திருக்கும். முதலில் தேவைப்படும் 1,500 உருப்படிகளை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்புவதாகவும் எழுதினேன்.

மறுநாள் பதில் வந்தது: "நிற மாதிரியை உடனே அனுப்புங்கள்."