எம்-புக்கை எக்செல்லில் ஏற்றும்போது நடக்கும் தவறுகள்

எம்-புக் என்பது கட்டட வேலையின் அளவுகளைக் கையால் பதியும் அளவுப் புத்தகம். அதில் ஒரு வரியைப் பார்த்ததும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் தட்டச்சு செய்துவிடுகிறோம். அவற்றுக்கு முன்னால் இருக்கும் எண்ணிக்கைதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. அதிலும் ஜன்னல் வரியில் 2 × 3 என்று எழுதியிருந்தால் 2 அறை, அறைக்கு 3 ஜன்னல் என்று பொருள். அதாவது எண்ணிக்கை 6.

ஒரு செங்கல் கட்டு வேலையைப் பார்ப்போம். அளவுகள் மீட்டரில். நீளச் சுவர் 2 × 6.46 × 0.23 × 3.00 = 8.91 கன மீட்டர். குறுக்குச் சுவர் 2 × 4.00 × 0.23 × 3.00 = 5.52. கழிக்க வேண்டியவை: கதவு 1 × 1.00 × 0.23 × 2.10 = 0.48, ஜன்னல் 2 × 1.20 × 0.23 × 1.35 = 0.75. நிகரம் 13.20. 'கழிக்க' என்ற தலைப்பு மேலே ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஏற்றினால் 15.66 வந்துவிடும். கழிவு வரிகளில் எண்ணிக்கையை -1, -2 என்று போடுவதே பாதுகாப்பு.

எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் நான்கும் B முதல் E வரை இருக்கட்டும். புத்தகத்தில் இருக்கும் விடையை அப்படியே ஒரு பத்தியில் (F) வையுங்கள். பக்கத்துப் பத்தியில் தனியாகப் பெருக்கி, அதிலிருந்து புத்தக விடையைக் கழியுங்கள்; 0 வர வேண்டும். கழிவு வரியானால் புத்தக விடையும் மைனஸில்.

```
=ROUND(PRODUCT(B2:E2),2)-F2
```

பூச்சு வேலையில் அகலக் கட்டம் காலியாக இருக்கும். B2*C2*D2*E2 என்று பெருக்கினால் விடை 0. PRODUCT காலிக் கட்டத்தை விட்டுவிடும், ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. '3.00 மீ' என்று எழுத்தாகப் பதிந்த உயரத்தையும் அது சத்தமில்லாமல் விட்டுவிடும். அதனால் COUNT(C2:E2) போட்டுப் பாருங்கள். கன அளவுக்கு 3, பரப்புக்கு 2 வர வேண்டும்.

வித்தியாசம் வந்தால் கையெழுத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 6.46 என்பதை 6.96 என்று படித்திருந்தால் பெருக்கல் 9.60 தரும், புத்தகத்தில் 8.91. மற்ற மூன்றின் பெருக்கல் 1.38. 8.91-ஐ அதால் வகுத்தால் 6.457, அதாவது 6.46. அப்புறம் பக்கத்தைப் பார்த்தால் அந்த 4 தெளிவாகிவிடும். வகுத்த விடையும் கையெழுத்தோடு ஒத்துவரவில்லை என்றால் எழுதியவரே தப்பாகப் பெருக்கியிருக்கலாம். அதை நீங்களாகத் திருத்தாமல் குறித்துவைத்துக் கேளுங்கள்.

0.01 வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம். வரிக்கு வரி முழுமையாக்கினால் 13.20, கடைசியில் மட்டும் முழுமையாக்கினால் 13.21. புத்தகம் எந்த வழியில் போகிறதோ அதையே கடைப்பிடியுங்கள்.

இந்தச் சோதனைக்குச் சிக்காதவையும் உண்டு. அகலமும் உயரமும் இடம் மாறினால் பெருக்கல் மாறாது. உயரப் பத்தியில் 0.23 நிற்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். பக்க முடிவின் மொத்தம் அடுத்த பக்கத் தலைப்பில் மறுபடி வரும், அதை வேலை வரியாக ஏற்றினால் இரட்டிப்பு. பழைய அடிக்கணக்கு என்றால் 10 அடி 6 அங்குலம் 10.5, 10.6 அல்ல.