மதிப்பாய்வு அறிக்கை: எது பெரிய குறை?

ஆய்விதழுக்கு மதிப்பாய்வு எழுதும்போது ஒவ்வொரு குறையிடமும் இதைக் கேளுங்கள்: திருத்தாமல் விட்டால் கட்டுரையின் முடிவு நிற்குமா? நிற்காதென்றால் பெரிய குறை, முதலில் எழுதுங்கள். மற்றவை சிறியவை, பக்க எண்ணோடு கடைசியில் போதும்.

திருநெல்வேலியின் கொக்கிரகுளம் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் மாதிரி எடுத்துவிட்டு, தாமிரபரணி நீர் ஆண்டு முழுக்கச் சுத்தம் என்கிறது ஒரு கட்டுரை என்று வையுங்கள். மழைவெள்ளத்தில் கழிவு நீர்த்துப்போயிருக்கலாம். ஆகவே இது பெரிய குறை. வழியையும் சேர்த்தே எழுதுங்கள்: “கோடை மாதிரிகளைச் சேருங்கள், இல்லையேல் முடிவை மழைக்காலத்தோடு நிறுத்துங்கள்.” வரைபடத்தில் அலகு விடுபட்டது சிறியது. இப்படிப் பிரித்தால் பதிப்பாசிரியர் முடிவெடுக்க வேண்டிய இடம் உடனே தெரியும். கட்டுரையாசிரியரும் எழுத்துப்பிழைகளுக்கு நடுவே அதைத் தேட வேண்டாம்.

தரவே புனையப்பட்டதோ என்ற சந்தேகத்துக்கு இது பொருந்தாது. அதைப் பதிப்பாசிரியருக்கான ரகசியக் குறிப்பில் ஆதாரத்தோடு எழுதுங்கள்.