கால்சியம் மாத்திரை: அளவிலும் நேரத்திலும் நேரும் தவறுகள்

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பகுதிகளில் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் பலரிடம் ஒரு மாத்திரைப் பை இருக்கும். தைராய்டுக்கு ஒருவர், வயிற்றெரிச்சலுக்கு ஒருவர், இடுப்பு வலிக்கு எலும்பு மருத்துவர் ஒருவர் என்று மூவர் வெவ்வேறு காலங்களில் எழுதிக்கொடுத்தவை அதில் சேர்ந்திருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சீட்டிலும் பிழை இராது. எல்லாவற்றையும் ஒரே வேளையில் விழுங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

குடியாத்தத்தில் வசிக்கும் 58 வயதுப் பெண் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார், தைராய்டு சுரப்பு குறைந்தால் இரத்தத்தில் உயரும் டி.எஸ்.ஹெச். அளவு 3-ஐ ஒட்டிச் சீராக இருந்தது. இடுப்பு வலிக்காகக் காலையும் இரவும் ஒவ்வொரு கால்சியம் மாத்திரையும், வாரம் ஒரு வைட்டமின் டி பாக்கெட்டும் எழுதித் தரப்பட்டன. மறந்துவிடக் கூடாது என்று காலைக் கால்சியத்தையும் தைராய்டு மாத்திரையையும் ஒன்றாகவே போட்டுக்கொண்டு, உடனே காபியும் குடித்துவிடுகிறார். மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால் டி.எஸ்.ஹெச். 11. கால்சியம் சாப்பிடுவதை அவர் சொல்லவில்லை என்றால், மருத்துவர் தைராய்டு மாத்திரையின் அளவை உயர்த்தத்தான் செய்வார்.

உண்மையில் அளவு குறையவில்லை. மருந்து உடலுக்குள் போய்ச் சேரவில்லை. கால்சியம் குடலுக்குள் தைராய்டு மருந்தான தைராக்ஸினைப் பற்றிக்கொள்வதால், அதில் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்காமல் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. அளவை உயர்த்திய பின், எப்போதாவது கால்சியத்தை நிறுத்தினால், அதே தைராய்டு மாத்திரை முழுதாக உட்கிரகிக்கப்பட்டு, படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று மறுபக்கத் தொல்லை வரும். ஆகவே இரண்டுக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும், கால்சியமும் இரும்பும் கலந்த சத்து மாத்திரைகளுக்கும் இதே நான்கு மணி நேரம் பொருந்தும்.

இவருக்கு ஒத்துவரும் நேரம் இப்படி அமையும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. காபி ஆறரைக்கு மேல். கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. இரும்புச்சத்தும் எழுதப்பட்டிருந்தால், கால்சியத்துக்கு இரண்டு மணி நேரமாவது தள்ளி, தேநீரும் காபியும் இல்லாத வேளையில் சாப்பிடலாம். நேரத்தை மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். பார்த்தால் பழைய அளவே போதுமா என்பது தெரிந்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும் கால்சியம் இவ்வாறே பற்றிக்கொள்ளும். அவை சில நாட்களுக்கு மட்டுமே என்பதால், அந்த நாட்களில் கால்சியத்தை நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது எளிது.

அடுத்த தவறு அளவைப் பற்றியது. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில், 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி., எலிமெண்டல் கால்சியம் 500 மி.கி.' என்பது போல அச்சாகியிருக்கும். உடலுக்குக் கணக்காவது பின்னால் உள்ள 500 மட்டுமே. கால்சியம் சிட்ரேட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் கால்சியம், 1000 மி.கி. சிட்ரேட் என்றால் சுமார் 210 மி.கி.தான் தேறும். ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் போனால் குடல் உறிஞ்சும் விகிதம் குறைகிறது என்பதால், இரண்டு மாத்திரையைச் சேர்த்து விழுங்குவதில் முழுப் பயனில்லை. கார்பனேட் கரைவதற்கு வயிற்று அமிலம் வேண்டும் என்பதால் அதைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். பான்டப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரையை நாள்தோறும் சாப்பிடுகிறவருக்கு சிட்ரேட்டே பொருத்தம்.

இந்தப் பெண்ணுக்கு உண்மையில் எவ்வளவு தேவை? மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாளொன்றுக்குப் பரிந்துரைப்பது 1200 மி.கி.; அது உணவையும் சேர்த்த கணக்கு. காபியையும் சேர்த்து 300 மி.லி. பாலில் சுமார் 350, ஒரு கிண்ணம் தயிரில் 180, 75 கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய களியில் 250, கீரை, பருப்பு முதலியவற்றில் நூறுக்குச் சற்று மேல் என்று வைத்தால் ஏறக்குறைய 900 வந்துவிடுகிறது. கேழ்வரகில் உள்ளது முழுதும் உடலில் சேராது என்று கழித்தாலும், 500 மி.கி. மாத்திரை ஒன்று போதும். இரண்டு என்பது அவருக்கு மிகை. எலும்புத் தேய்மானம் உறுதியாகி வேறு மருந்து எடுப்பவருக்குக் கணக்கு மாறலாம். அதை மருத்துவர் சொல்ல வேண்டும். பாலும் தயிரும் தொடாத வீட்டில் அந்த இரண்டாவது மாத்திரைக்கு நியாயம் உண்டு.

மிகையானால் என்ன கேடு என்பதற்குச் சிறுநீரகக் கல் ஒரு பதில். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 1000 மி.கி. கால்சியமும் 400 ஐ.யு. வைட்டமின் டியும் எடுத்தவர்களிடம், ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில், கல் உண்டாவது 17 சதவீதம் கூடுதலாக இருந்தது. அது பெரிய அபாயம் அல்ல. ஆனால் ஏற்கெனவே கல் வந்தவர் அலட்சியப்படுத்தக் கூடியதும் அல்ல.

இங்கேதான் நேர்மாறான தவறும் நடக்கிறது. கல் என்று ஸ்கேனில் தெரிந்ததும் பாலையும் தயிரையும் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்ஸலேட்டால் ஆனவை. உணவோடு வரும் கால்சியம், கீரையிலும் கடலையிலும் உள்ள ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது. கால்சியம் குறைந்தால் அந்த ஆக்ஸலேட் இரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வரும். ஆகவே பாலும் தயிரும் தொடரட்டும். மாத்திரை அவசியமானால் வெறும் வயிற்றில் அல்லாமல் சாப்பாட்டோடு எடுக்கட்டும். (தக்காளி விதைக்கு அஞ்சுகிற பலர் பசலைக்கீரையை யோசிப்பதே இல்லை, தக்காளியில் ஆக்ஸலேட் குறைவு, பசலையில் மிக அதிகம்.) உப்பைக் குறைப்பதும் உதவும், ஏனெனில் உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில், ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் கழிப்பறைக்குப் போவதைத் தவிர்க்கவே தண்ணீரைக் குறைப்பதுண்டு. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் பருகாதவரை, மாத்திரையை மட்டும் குறை சொல்வது பொருந்தாது.

வைட்டமின் டி பாக்கெட்டில் நிகழும் தவறு, நிறுத்த மறப்பது. 60,000 ஐ.யு. பாக்கெட்டைப் பொதுவாக வாரம் ஒன்றாக எட்டு வாரம் எழுதுவார்கள். அதன்பின் மாதம் ஒன்று என்பது நாளொன்றுக்கு 2000 ஐ.யு.வுக்குச் சமம். பழைய சீட்டைக் காட்டி வாரந்தோறும் ஆண்டுக்கணக்கில் வாங்குகிறவர்களும், 'வாரம் ஒன்று' என்பதை 'நாள் ஒன்று' என்று புரிந்துகொண்டவர்களும் உண்டு. சிலருக்கு இதற்கிடையே வேறொருவர் ஊசியும் போட்டிருப்பார். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் மிகையானது மாதக்கணக்கில் உடலில் தங்கி, இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்துகிறது. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், முதியவர்களிடம் திடீர்க் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். நீர் பிரியும் வகை இரத்த அழுத்த மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைட் அல்லது குளோர்தாலிடோன் சாப்பிடுகிறவருக்கு இது எளிதில் நேரலாம். இவற்றைக் கண்டால் பாக்கெட்டையும் கால்சியத்தையும் நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் சென்று, இரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின், வைட்டமின் டி ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். போகும்போது மாத்திரைப் பையை அப்படியே எடுத்துச் செல்வது நல்லது.