பயண வ்லாக் ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி: ராமேஸ்வரம், தனுஷ்கோடி ஒருநாள் பயணத்தை வைத்து

போன வருடம் முதல் தடவை ராமேஸ்வரம் போய்விட்டு வந்து எடிட் பண்ண உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, என்னிடம் இருந்தது நாலு தனித்தனி வீடியோ என்று. பாம்பன், கோயில், தனுஷ்கோடி, அதைத் தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனை எல்லாமே நன்றாக வந்திருந்தன. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியில்லை. கடைசியில் நாலு இடத்திலும் "அடுத்து நாம போகப்போறது..." என்று குரல் சேர்த்து ஒட்டினேன். நானே முழுசாகப் பார்க்கவில்லை.

இரண்டாவது தடவை ஸ்கிரிப்ட்டோடு போனேன். அதை எழுதிய விதத்தைத்தான் கீழே சொல்கிறேன். கேமரா, மைக் எது வாங்குவது என்பதற்குள் போகவில்லை. போனில் எடுத்தாலும் இதேதான்.

1. முதலில் ஒரு கயிறு

இடங்களின் பட்டியல் ஸ்கிரிப்ட் ஆகாது. நாலு இடத்தையும் கோக்க ஒரு கயிறு வேண்டும். நான் எடுத்துக்கொண்டது ரயில். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. சென்னையில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலில் கொழும்பு. இதைத்தான் போட் மெயில் என்றார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, அதோடு அந்தப் பாதையும் போனது.

கயிறு கிடைத்ததும் எதை விடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும். கலாம் நினைவிடம் நல்ல இடம்தான், ஆனால் இந்த வீடியோவில் அதற்கு இடமில்லை. வேறு வீடியோவுக்கு வைத்துக்கொண்டேன்.

2. மூன்று பத்தி போதும்

கூகுள் ஷீட்ஸில் இடத்தின் பெயருக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக மூன்று பத்தி: கண், வாய், கதவு. கண் என்றால் திரையில் என்ன தெரிய வேண்டும். வாய் என்றால் நான் பேசுவது. கதவு என்றால் இந்த இடத்தை விட்டு எப்படி வெளியே போகிறேன். பெரிய ஸ்கிரிப்ட் மென்பொருள் எல்லாம் சினிமாக்காரர்களுக்கு. நமக்குத் தேவை ஒரே பக்கத்தில் பிரிண்ட் எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கிற ஒன்று. வெயிலில் போன் திரையைப் பார்த்து ஸ்கிரிப்ட் படிக்க முயன்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஒவ்வொரு இடத்துக்கும் கண் பத்தியில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: வந்து சேருவது, அங்கே காட்ட வேண்டிய ஒன்று, கிளம்புவது. நடுவில் உள்ள "ஒன்று" உண்மையிலேயே ஒன்றாக இருக்க வேண்டும். ராமேஸ்வரம் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை, ஆகவே பிராகாரத்தை எடுக்க முடியாது. என் "ஒன்று" அக்னி தீர்த்தக் கரையில் விடியற்காலையில் குளிக்க இறங்குகிற கூட்டம். அது போதுமானதாக இருந்தது.

3. பேசுகிற தமிழில் எழுதுங்கள்

என் முதல் ஸ்கிரிப்ட்டில் "இப்பாலம் மண்டபத்தையும் பாம்பன் தீவையும் இணைக்கிறது" என்று எழுதியிருந்தேன். கேமரா முன்னால் அது வாயிலேயே வரவில்லை. செய்தி வாசிப்பவர் மாதிரி ஆரம்பித்து, பாதியில் "இணைக்குது" என்று முடித்தேன். ஒரே வாக்கியத்தில் இரண்டு ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. ஸ்கிரிப்ட்டில் "இருக்கு", "வந்துச்சு", "போனாங்க" என்றே எழுதுங்கள். உங்கள் ஊர் வழக்கு எதுவோ அதுவே. வாய் பத்தியை எழுதிய அன்றே வீட்டில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தட்டுகிற இடத்தை மாற்றுங்கள்.

நீளத்துக்கு ஒரு கணக்கு. நான் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் வருகிறது. உங்கள் வேகத்தைப் போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் இடத்தின் அறிமுகம் 20 வினாடி தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறேன், அதாவது 33 சொல்லுக்குள். பாம்பனுக்கு நான் எழுதியது இது:

"இதான் பாம்பன். இங்கே இப்போ மூணு பாலம் தெரியும். நாம நிக்கிற ரோடு பாலம் 1988-ல வந்தது. அந்தப் பழைய ரயில் பாலம் 1914. பக்கத்துல புதுசு, 2025. கதை பழைய பாலத்துலதான் இருக்கு."

பாலத்தின் நீளம், எத்தனை தூண், எவ்வளவு செலவு எதுவும் இல்லை. அதெல்லாம் வேண்டுமென்றால் படத்தின் மேல் எழுத்தாகப் போட்டுக்கொள்ளலாம். கடைசி வரிதான் முக்கியம், அது ஆளை அடுத்த காட்சிக்கு இழுக்கிறது.

4. கதவு: நான் கோட்டை விட்ட இடம்

முதல் பயணத்தின் கிளிப்களைத் திரும்பப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது. எல்லாக் கிளிப்பிலும் நான் நடந்து வருகிறேன், பேசுகிறேன், கடைசிச் சொல் முடிந்த அரை வினாடியில் ரெக்கார்டிங்கை நிறுத்துகிறேன். ஒரு கிளிப்பில்கூட நான் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. எடிட்டிங்கில் எத்தனை சுழல்கிற, மங்குகிற எஃபெக்ட் போட்டாலும் அந்தக் குறை மறையாது. இடமாற்றத்துக்குப் பாதி இந்த இடத்திலும் மீதிப் பாதி அடுத்த இடத்திலும் எடுக்க வேண்டும். அதனால்தான் அது படப்பிடிப்புக்கு முன்னாலேயே காகிதத்தில் இருக்க வேண்டும்.

நான் மூன்று விதமான கதவு வைத்திருக்கிறேன்.

ஒன்று, அசைவு. பாம்பனில் தீவை நோக்கி ரயில் போகிறது. திரையில் அது இடமிருந்து வலமாக ஓடினால், அடுத்த காட்சியில் ராமேஸ்வரம் தெருவில் என் ஆட்டோவும் இடமிருந்து வலமாகவே ஓட வேண்டும். திசை மாறினால் பார்ப்பவருக்கு நாம் திரும்பி வந்துவிட்ட மாதிரி தோன்றும். எந்தத் திசை என்று பாம்பனிலேயே காகிதத்தில் அம்புக்குறி போட்டுவிடுங்கள், மறந்துவிடும்.

இரண்டு, சத்தம். அடுத்த இடத்தின் சத்தம் படத்துக்கு இரண்டு வினாடி முன்னாலேயே வந்துவிட வேண்டும். ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்னி தீர்த்தத்தில் தண்ணீரில் முங்கி எழுகிற சத்தம் கேட்கிறது, பிறகு படம் மாறுகிறது. இதற்கு ஒவ்வோர் இடத்திலும் பேசாமல், அசையாமல் 30 வினாடி சத்தம் மட்டும் பதிவு செய்திருக்க வேண்டும். ஸ்கிரிப்ட்டில் "வாயை மூடு 30" என்று எழுதிவைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் செய்யமாட்டேன்.

மூன்று, சொல். எனக்குப் பிடித்தது இதுதான். இந்த இடத்தில் ஒரு கேள்வியை எழுப்பி, பதிலை அடுத்த இடத்தில் வைப்பது. ராமேஸ்வரம் கரையில் நின்று நான் சொன்ன கடைசி வரி:

"அந்தக் காலத்துல மெட்ராஸ்ல ஒரே டிக்கெட் எடுத்தா கொழும்பு வரைக்கும் போகலாம். ஆனா கப்பல் ஏற நீங்க இறங்க வேண்டிய ஸ்டேஷன் ராமேஸ்வரம் இல்ல."

இங்கே வெட்டு. அடுத்த படம், மணலில் நிற்கிற தனுஷ்கோடி ஸ்டேஷனின் இடிந்த சுவர். பேச்சே இல்லை, காற்று மட்டும், ஐந்து வினாடி. "அடுத்து நாம போகப்போறது தனுஷ்கோடி" என்று சொல்லியிருந்தால் அந்தச் சுவர் வெறும் சுவராகத்தான் இருந்திருக்கும்.

எந்தக் கதவானாலும் ஒரு பழக்கம் வேண்டும்: கடைசிச் சொல்லுக்குப் பிறகு பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள், ஃபிரேமை விட்டு நடந்து வெளியே போங்கள், அதன்பிறகு நிறுத்துங்கள்.

5. தொடக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்

"வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பித்தால் ஆள் போய்விடுவார். கதவெல்லாம் எழுதி முடித்தபிறகு, எந்த இடத்தில் கதை கனமாக இருக்கிறதோ அங்கிருந்து 15 வினாடியை முன்னால் கொண்டுவாருங்கள். என்னுடையது:

"1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பன்ல இருந்து ஒரு பாசஞ்சர் ரயில் கிளம்புச்சு. நூறு பேருக்கு மேல உள்ள இருந்தாங்க. அந்த ரயில் இந்த ஸ்டேஷனுக்கு வந்து சேரவே இல்ல."

முதல் இரண்டு வாக்கியத்துக்கும் திரையில் கடல் மட்டும். "இந்த" என்கிற சொல்லில் இடிந்த சுவருக்கு வெட்டு. வணக்கம், பெயர் எல்லாம் அதற்குப் பிறகு, ஐந்து வினாடியில். தொடக்கத்தில் காட்டிய சுவருக்கு வீடியோவின் மூன்றாவது இடத்தில் நிஜமாகவே போய்ச் சேர வேண்டும் என்பதை மறக்காதீர்கள். காட்டிவிட்டுப் போகாமல் விட்டால் திட்டு விழும், சரியாகத்தான் திட்டுவார்கள்.

6. எடுக்கிற வரிசை வேறு

ஷீட்டில் இன்னொரு பத்தி சேர்த்து நேரத்தை எழுதுங்கள். வீடியோவில் பாம்பன் முதலில் வந்தாலும் நான் எடுத்தது அக்னி தீர்த்தத்தைத்தான் முதலில், விடியற்காலையில். தனுஷ்கோடிக்கு உச்சி வெயிலில் போனால் படத்தில் மணல் வெறும் வெள்ளையாகிவிடும். மாலை ரொம்பத் தாமதித்தால் சோதனைச்சாவடியில் உள்ளே விடமாட்டார்கள். வரிசை குலைவதால் நாள் முழுக்க ஒரே சட்டை. முதல் தடவை மத்தியானம் வியர்த்துச் சட்டை மாற்றியதில், ஆட்டோவில் நீலத்தில் ஏறி மஞ்சளில் இறங்கினேன்.

அரிச்சல்முனையில் வாய் பத்தியைக் காலியாக விடுங்கள். அங்கே அடிக்கிற காற்றில் மைக்கின் பஞ்சு உறை போதாது, ரோம உறை போட்டும் பாதிச் சொல் போய்விட்டது. சொல்ல வேண்டிய மூன்று வரியைக் காரில் கண்ணாடியை ஏற்றி, இஞ்சினையும் ஏசியையும் அணைத்துவிட்டுப் பதிவு செய்து, கடல் படத்தின் மேல் வைத்தேன்.

பின்சேர்க்கை 1: என் பழைய ஸ்கிரிப்ட்டில் "அந்த ரயில் போன பாதையிலேயே ராமேஸ்வரம் வழியா போறோம்" என்று ஒரு வரி இருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா கமென்ட்டில் திருத்தினார். தனுஷ்கோடிப் பாதை பாம்பனிலேயே பிரிந்துவிடும், ராமேஸ்வரத்துக்குத் தனிக் கிளை. அந்த வரியை எடுத்துவிட்டேன். கேள்வியாக இருக்கிற கதவு வரி தப்பித்தது, ஏனென்றால் அது இதே உண்மையின் மேல்தான் நிற்கிறது.

பின்சேர்க்கை 2: "பாம்பனில் ஒரு மணி நேரம் நின்றேன், ரயிலே வரவில்லை, அசைவுக் கதவுக்கு என்ன செய்வது?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். நம் கையில் இல்லாத ஒன்றை நம்பியிருக்கிற ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு மாற்று வரி எழுதிக்கொண்டு போங்கள். ரயில் வராவிட்டால், காலியாக இருக்கிற பாலத்தைப் பத்து வினாடி அசையாமல் எடுத்துவிட்டுச் சொல்ல நான் வைத்திருந்தது: "அரை மணி நேரமா ரயில் வரல. அன்னிக்கு ராத்திரி தனுஷ்கோடி ஸ்டேஷன்லயும் இப்படித்தான் காத்திருந்திருப்பாங்க." எனக்கு ரயில் வந்துவிட்டது, இருந்தாலும் எடிட்டில் இந்த வரியைத்தான் வைத்தேன்.